எது பிடித்தது என்று சொல்லுங்கள்

கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். "எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்கிறார். "சூப்பரா இருக்கு" என்கிறார் கணவர். "பாக்காமலே சொல்றீங்க" என்று உடனே பதில் வருகிறது. பாவம், கணவர் பொய் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தார், புடவையும் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் பார்த்தார் என்பதற்கான அடையாளம் அவர் சொன்னதில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருக்க முடியும்.

காதலிலும் கல்யாண வாழ்க்கையிலும் பல பாராட்டுகள் வீணாவது இப்படித்தான். சொல்பவர் மனதில் பிரியம் இருக்கிறது, வாயிலிருந்து வருவதோ யாரும் யாரிடமும் சொல்லக்கூடிய ஒரு வார்த்தை. பாராட்டைக் கேட்கும்போது நமக்குள் ஒரு சின்னக் கேள்வி ஓடுகிறது: 'இவர் என்னைக் கவனித்துச் சொல்கிறாரா, சும்மா சொல்லி வைக்கிறாரா?' அதற்கான பதில் அந்தப் பாராட்டுக்குள்ளேயே இருந்தால் அது மனதில் தங்கும். இல்லாவிட்டால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவோம்.

இதைக் காதல் மொழியாக மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டியதில்லை. மனோதத்துவ ஆய்வாளர்கள் பல வருடங்களாக இதைத் துருவிப் பார்த்திருக்கிறார்கள்.

5 லட்சம் முதல் செய்திகள்

ஓகேக்யூபிட் என்பது அமெரிக்காவில் தொடங்கிய, காதல் துணை தேடும் இணையதளம். முன்பின் தெரியாத இருவரில் ஒருவர் இன்னொருவருக்கு முதல் செய்தி அனுப்புவார். பிடித்திருந்தால் பதில் வரும், இல்லாவிட்டால் வராது. 2009-இல் அந்தத் தளம், பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டு, 5 லட்சத்துக்கும் அதிகமான முதல் செய்திகளை எடுத்து, எந்தெந்தச் சொற்கள் இருந்தால் பதில் கூடுகிறது, எவை இருந்தால் குறைகிறது என்று கணக்குப் பார்த்தது.

அழகைப் புகழும் சொற்கள் பதிலைக் குறைத்தன. 'நீ அழகாக இருக்கிறாய்' என்பதைக் கேட்க யாருக்கும் கசக்காது. ஆனால் முகம் தெரியாத ஒருவர் அதை அனுப்பும்போது, இன்று காலை இன்னும் எத்தனை பேருக்கு இதையே அனுப்பினாரோ என்றுதான் தோன்றும். அதே சமயம், 'நீங்கள் இன்னதைப் பற்றி எழுதியிருந்தீர்கள்', 'இன்னதைக் கவனித்தேன்' என்று வரும் செய்திகளுக்குப் பதில் கூடுதலாகக் கிடைத்தது. எதிராளி தன்னைப் பற்றி எழுதி வைத்திருந்ததைப் படித்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும்.

இந்தக் கணக்கைக் கொண்டு எல்லாவற்றையும் நிரூபித்துவிட முடியாது. கவனித்து எழுதுகிறவர்கள் வேறு விதங்களிலும் நன்றாக எழுதுகிறவர்களாக இருக்கலாம். தோற்றத்தைத் தொடாத பொதுப் பாராட்டுகளும் அங்கே ஓரளவு எடுபட்டன. ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. புகழ்ச்சி எவ்வளவு பெரியது என்பதைவிட, அதை வேறு ஒருவருக்கு அப்படியே அனுப்ப முடியுமா முடியாதா என்பதைத்தான் மனது முதலில் பார்க்கிறது.

ஜோசியப் புத்தகமும் 39 மாணவர்களும்

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழலாம். பொதுவாகச் சொன்னால் எடுபடாது என்றால், வார ராசிபலனை இத்தனை பேர் 'எனக்காகவே எழுதின மாதிரி இருக்கு' என்று எப்படிப் படிக்கிறார்கள்?

1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் குணத்தைப் பற்றிய குறிப்பைத் தனித்தனியாகக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. அதன் பெரும்பகுதியை அவர் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

ஆக, பொதுவான வார்த்தைகளைக் கேட்பவர் நம்பத்தான் செய்கிறார். ஆனால் எதுவரை? தனக்கென்று எழுதியது என்று நினைக்கும் வரை. ஃபோரரின் வகுப்பில் விஷயம் வெளியானதும் சிரிப்பு எழுந்தது. ஜோசியர் நம் பக்கத்து வீட்டில் குடியிருப்பதில்லை, அடுத்தவருக்கு அவர் என்ன சொன்னார் என்று நமக்குத் தெரியாது. கணவன் மனைவி விஷயம் அப்படியா? ஹோட்டல் காபிக்கும் 'சூப்பர்', மச்சினன் வாங்கிய பைக்குக்கும் 'சூப்பர்', நண்பனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் 'சூப்பர்' என்று அவர் சொல்வதை மனைவி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் குறிப்பு 39 பேருக்கும் போனது அவருக்கு முன்பே தெரியும். அதனால்தான் புதிதாகப் பழகும்போது மயக்கிய அதே பொதுப் புகழ்ச்சி, பழகப் பழகப் பலம் இழந்துபோகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. எட்வர்ட் ஜோன்ஸ் என்ற சமூக மனோதத்துவ அறிஞர், பிறர் மனதைக் கவர நாம் போடும் வேஷங்களைப் பற்றி 1964-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அவர் காட்டிய சிக்கல் இது: ஒருவரிடம் நமக்குக் காரியம் ஆக வேண்டியிருக்கும் நேரத்தில்தான் அவரைப் புகழ ஆசை அதிகம் வரும். நமக்குக் காரியம் ஆக வேண்டும் என்று அவருக்கும் தெரியும் என்பதால், அதே நேரத்தில்தான் அந்தப் புகழ்ச்சி மேல் சந்தேகமும் அதிகம் வரும். "என்ன விஷயம், இன்னைக்கு ஐஸ் பலமா இருக்கு?" என்று நம் வீடுகளில் கேட்பது இதைத்தான். நண்பர்களோடு ஊர் சுற்ற அனுமதி வேண்டும் என்கிற வெள்ளிக்கிழமை மாலையில், எவ்வளவு உண்மையான பாராட்டானாலும் அது லஞ்சமாகத்தான் தெரியும்.

ஒரு பாராட்டைப் பிரித்துப் பார்ப்போம்

சரி, குறிப்பாகச் சொல்வது என்றால் எப்படி? ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவரின் அப்பாவுக்கு நெஞ்சு வலி, மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசம். மனைவி அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே இருக்கிறார். மாமனார் நல்லபடியாக வீடு திரும்புகிறார். அன்று இரவு கணவருக்கு நெஞ்சு நிறைந்திருக்கிறது, ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

"நீ தங்கம். நீ இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்!"

இதில் பொய் எதுவும் இல்லை. கேட்கவும் இதமாக இருக்கிறது. ஆனால் மனைவிக்கு இதிலிருந்து தன்னைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. லீவு போட்டு உட்கார்ந்திருந்த யாருக்கும் இது பொருந்தும். "சரி சரி, படுங்க" என்று பேச்சு முடிந்துவிடும்.

அவர் இப்படி ஆரம்பித்திருந்தால்?

"நேத்து டாக்டர் மாத்திரையெல்லாம் மளமளன்னு சொல்லிட்டுக் கிளம்பினாரே, நீ அந்தச் சீட்டைக் காட்டி, 'சார், அப்பா ஏற்கெனவே சுகர் மாத்திரை எடுக்கறார், அதோட சேத்து இதைக் குடுக்கலாமா'ன்னு நிறுத்திக் கேட்டே."

இது நடந்த சம்பவம். நேரம், இடம், ஆள், அவர் சொன்ன சொல் எல்லாம் இதில் இருக்கின்றன. இதை வேறு எவரிடமும் சொல்ல முடியாது. தான் கேட்ட கேள்வியை வராண்டாவில் நின்றிருந்த கணவர் காதில் வாங்கியிருக்கிறார் என்பதே மனைவிக்குச் செய்தி. ஆனால் இத்தோடு நிறுத்தினால் இது நடந்ததைத் திரும்பச் சொல்வதாகவே இருக்கும். 'ஆமா, கேட்டேன், அதுக்கென்ன?' என்று தோன்றலாம். அந்தச் சம்பவத்தில் அவர் எதைக் கண்டார் என்று சொல்ல வேண்டும்.

இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒன்று, "நீ கேட்டதால நான் மறுபடி ஓட வேண்டிய அலைச்சல் மிச்சமாச்சு." இன்னொன்று, "நாங்க எல்லாரும் பதறிப்போய் நின்னோம். உனக்கு மட்டும் அந்த நேரத்துலயும் நிதானம் போகலை."

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சாரா ஆல்கோ என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் பார்த்தார்கள். தம்பதிகளையும் காதலர்களையும் அழைத்து, துணை செய்த ஏதாவது ஒரு காரியத்துக்காக அவருக்கு நன்றி சொல்ல வைத்து, அதை வீடியோவில் பதிவு செய்தார்கள். நன்றி சொல்பவர் 'எனக்கு என்ன லாபம் கிடைத்தது' என்பதை எவ்வளவு பேசினார், 'நீ எப்படிப்பட்டவர் என்று இது காட்டுகிறது' என்பதை எவ்வளவு பேசினார் என்று பிரித்துக் கணக்கிட்டார்கள். நன்றியைக் கேட்டவருக்குத் துணையின் மேல் நெருக்கம் கூடியதோடு சேர்ந்து வந்தது இரண்டாவதுதான். தனக்குக் கிடைத்த லாபத்தை எவ்வளவு விவரித்தாலும் அந்த அளவுக்குப் பலன் இல்லை.

யோசித்தால் புரிகிற விஷயம்தான். 'எனக்கு அலைச்சல் மிச்சம்' என்பதில் பேச்சு என்னைச் சுற்றியே வருகிறது. 'உனக்கு நிதானம் போகலை' என்பதில் அவரைச் சுற்றி வருகிறது. நாம் பல பேர் நன்றி சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நம் சௌகரியத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. எல்லோரும் பாராட்டை ஒரே மாதிரி வாங்கிக்கொள்வதில்லை. தன்னைப் பற்றியே தாழ்வாக நினைக்கிறவர்களிடம், எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும், "அது ஏதோ அன்னைக்குத் தோணிச்சு, கேட்டேன்" என்று தள்ளிவிடுவார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் டெனிஸ் மேரிகோல்ட், ஜான் ஹோம்ஸ், மைக்கேல் ராஸ் ஆகிய மூவரும் இதை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். காதல் உறவில் இருப்பவர்களிடம், துணை தங்களைப் பாராட்டிய ஒரு சந்தர்ப்பத்தை நினைத்து எழுதச் சொன்னார்கள். சிலரிடம் அப்போது எங்கே இருந்தீர்கள், என்ன சொன்னார் என்கிற விவரங்களை மட்டும் எழுதச் சொன்னார்கள். வேறு சிலரிடம், அவர் ஏன் உங்களை மெச்சினார், அது உங்களுக்கு என்ன அர்த்தம் தந்தது, உங்கள் உறவுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று விளக்கச் சொன்னார்கள்.

தாழ்வாக நினைக்கிறவர்களுக்கு, வெறும் விவரங்களை எழுதியதில் மாற்றம் வரவில்லை. அர்த்தத்தை விளக்கி எழுதியவர்களோ, தன்னம்பிக்கை உள்ளவர்களைப் போலவே தங்கள் உறவில் பாதுகாப்பாக உணர்ந்தார்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோதும் அந்தத் தெம்பு இருந்தது. தன்னம்பிக்கை உள்ளவர்கள் இந்த அர்த்தத்தைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் பாராட்டை அந்த ஒரு நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு யாராவது அந்த முடிச்சைப் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

'விவரமாகச் சொன்னால் போதும்' என்று நினைக்கிறவர்கள் தவறவிடுகிற இடம் இது. விவரம் என்பது சாட்சி. சாட்சியை வைத்து என்ன தீர்ப்பு என்பதையும் சொல்ல வேண்டும். நம் கணவர் இப்படி முடிக்கலாம்: "அப்பாவுக்கு இனிமே ஏதாவது ஒண்ணுன்னா நான் முன்ன மாதிரி பயப்பட மாட்டேன். பக்கத்துல நீ இருப்பேங்கற தைரியம்."

ஆக மொத்தம் மூன்று வாக்கியம்: என்ன பார்த்தேன், அதில் உன்னை எப்படிக் கண்டேன், அது நம் இருவருக்கும் என்ன. ஒவ்வொரு முறையும் மூன்றையும் வரிசையாக ஒப்பிக்க வேண்டும் என்பதில்லை. தன்னம்பிக்கை உள்ள துணையிடம் முதல் வாக்கியமும் ஒரு பார்வையுமே போதும். "போங்க, நான் என்ன பெருசா பண்ணிட்டேன்" என்று எப்போதும் தள்ளிவிடுகிறவரிடம் மூன்றாவதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மனைவி கணவரைப் பாராட்டுவதற்கும் இதுவே வழி. ஆண்களுக்குப் பல வீடுகளில் கிடைப்பது "அவர் ரொம்ப நல்ல மாதிரி" என்று விருந்தாளிகளிடம் சொல்லப்படும் ஒரு சான்றிதழ் மட்டும்தான். அதற்குப் பதிலாக, "ஏங்க, நேத்து என் தங்கச்சி அழுதுக்கிட்டு வந்தப்போ நீங்க ஒரு புத்திமதியும் சொல்லலை. டீயைப் போட்டுக் குடுத்துட்டு குழந்தையைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிட்டீங்க. எப்ப விலகி நிக்கணும்னு தெரிஞ்ச மனுஷன் நீங்க" என்று ஒரு முறை சொல்லிப் பார்க்கலாம். தான் விலகி நின்றது கவனிக்கப்பட்டது என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அழகைப் பாராட்டவே கூடாதா?

கூடாது என்று யார் சொன்னது? வாசலில் நிற்கும்போது "அழகா இருக்கே" என்று சொல்வது ஒரு பிரியமான வரவேற்பு. அதன் வேலையை அது செய்யும். ஆனால் அதையே பாராட்டு என்று கணக்கில் வைத்துக்கொண்டால்தான் பற்றாக்குறை வருகிறது. தோற்றத்தையும் குறிப்பாகச் சொல்ல வழி உண்டு. பிறவியில் வந்ததைவிட, அவர் யோசித்துத் தேர்ந்தெடுத்ததைச் சொல்லலாம். "இந்த மாம்பழக் கலருக்குப் பச்சை ரவிக்கைதான் எல்லாரும் போடுவாங்க, நீ மெரூன் போட்டிருக்கே, கம்மலும் அதுக்குத் தோதா எடுத்திருக்கே" என்றால், கண்ணாடி முன் அவர் செலவழித்த அரை மணி நேரத்தைப் பார்த்ததாக ஆகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் வந்த கணவர் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான். ரவிக்கையின் நிறத்தைச் சொல்லியிருந்தாலே, பார்க்காமல் சொன்னதாக யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

கல்யாணத்துக்குப் பிறகு மாறும் கணக்கு

காதலிக்கும்போது எடுபட்ட மிகைப்படுத்தல் கல்யாணத்துக்குப் பிறகு ஏன் உறுத்துகிறது? வில்லியம் ஸ்வான் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. காதலித்துக்கொண்டிருந்தவர்கள், தங்களை உயர்வாக மதிப்பிட்ட துணையிடம் அதிக நெருக்கம் காட்டினார்கள். கல்யாணமானவர்களோ, தங்களைத் தாங்களே எப்படி நினைக்கிறார்களோ அப்படியே தங்களைப் பார்த்த துணையிடம்தான் அதிக நெருக்கமாக இருந்தார்கள். அதாவது, காதல் காலத்தில் தேர்வில் பாஸானோமா என்ற கவலை இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு, இவர் என்னை நானாகத் தெரிந்துவைத்திருக்கிறாரா என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது.

மேடைப் பேச்சு என்றாலே உதறல் எடுக்கும் மனைவியிடம் "நீ பிரமாதமாப் பேசுவே" என்றால், 'இத்தனை வருஷம் கூட இருந்தும் என்னைத் தெரியலையே' என்றுதான் தோன்றும். "மைக்கைப் பிடிச்சதும் உன் கை நடுங்கினது தெரிஞ்சுது. ஆனா ரெண்டாவது நிமிஷத்துல பேப்பரை மடிச்சு வெச்சுட்டுப் பேசினே பாரு, அங்க நீ மாறிட்டே" என்றால் நம்புவார். அவர் பயத்தையும் இது மறைக்கவில்லை. அந்தப் பயத்தை ஒத்துக்கொண்டதால்தான் மீதியும் நம்பும்படியாக இருக்கிறது.

விவரமும் வில்லங்கமாகும் இடங்கள்

குறிப்பாகச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில்லை. புதிதாகப் பழகும் ஒருவரிடம், "மூணு வருஷம் முன்னாடி ஊட்டியில நீ போட்டிருந்த ஸ்வெட்டர் சூப்பர்" என்றால் விவரம் இருக்கிறது, கூடவே பயமும் வருகிறது. பின்தொடர்ந்து துருவியிருக்கிறார் என்று அர்த்தம். அவராக நம் முன் வைத்ததையும், நம் கண்ணெதிரே நடந்ததையும் மட்டுமே தொட வேண்டும்.

ஒப்பீடு இன்னொரு வில்லங்கம். "எங்கம்மா வெக்கிற வத்தக்குழம்பு மாதிரியே இருக்கு" என்பது நல்ல மனதோடு சொன்னதாகவே இருக்கட்டும். அதில் முதல் மதிப்பெண் வாங்கியது அம்மா. "இன்னைக்காவது நேரத்துக்கு வந்தீங்களே" என்பதில் இருக்கும் 'ஆவது', பாராட்டைப் பழைய பாக்கி வசூலாக மாற்றிவிடுகிறது. பாராட்டிவிட்டு 'ஆனா' போட்டாலும் இதே கதிதான். கேட்பவர் அதற்குப் பின்னால் வருவதை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்.

இவற்றைவிட நுணுக்கமான ஒன்று, வேலையை மட்டுமே பாராட்டுவது. சாம்பாரும் ரசமும் வீடு மெழுகியதும் தினமும் குறிப்பாக, விவரமாகப் பாராட்டப்படுகின்றன. ஆனால் அவர் அலுவலகத்தில் சமாளித்த தகராறைப் பற்றியோ, ஒரு சினிமாவைப் பற்றி அவர் சொன்ன கருத்தைப் பற்றியோ ஒரு வார்த்தையும் இல்லை. அப்போது பாராட்டு கூலியாகிவிடுகிறது, நாளைக்கும் இதையே செய் என்கிற உத்தரவாகவும் கேட்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. கடந்த மாதம் துணையைப் பாராட்டிய நாலைந்து தடவைகளை நினைத்துப் பாருங்கள். எல்லாமே உங்களுக்கு உபயோகமான காரியங்களாகவே இருந்தால், நீங்கள் பாராட்டிக்கொண்டிருந்தது சேவையை. உங்களுக்கு எந்த லாபமும் இல்லாத ஒன்றை, அவர் தன் தோழிக்குச் செய்ததையோ தனக்காகக் கற்றுக்கொண்டதையோ, அடுத்த முறை எடுங்கள்.

சபையும் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாமியார், நாத்தனார் நடுவில் மனைவியை விவரமாகப் புகழ்ந்தால், அன்று மாலை அதற்கான வட்டியை அவர்தான் கட்ட வேண்டியிருக்கும். தனியாகச் சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்வதும் கவனிப்பில் சேர்த்திதான்.

அடிக்கடி சொன்னால் திகட்டாதா?

பலர் வாய் திறக்காததற்குக் காரணம் இந்தப் பயம். அடிக்கடி சொன்னால் மதிப்புப் போய்விடும், சரியாகச் சொல்ல வராது, அசட்டுத்தனமாக இருக்கும் என்று நினைக்கிறோம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சுவான் ஜாவோவும் நிக்கோலஸ் எப்லியும் இதைச் சோதித்து 2021-இல் ஆய்வுகளை வெளியிட்டார்கள். பாராட்டப்போகிறவர்கள் 'எப்படிக் கோர்வையாகச் சொல்வது' என்பதிலேயே கவனமாக இருந்தார்கள். பெற்றவர்கள் கவனித்ததோ அதிலிருந்த பரிவை. அதனால் பாராட்டு தரும் சந்தோஷத்தைச் சொல்பவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். தினம் ஒன்றாக ஐந்து நாள் ஐந்து வெவ்வேறு பாராட்டு சொன்னால் போகப்போகச் சலித்துவிடும் என்று மற்றவர்கள் கணித்தார்கள். பெற்றவர்களுக்கு ஐந்தாவது நாளும் சந்தோஷம் குறையவில்லை.

அதில் 'வெவ்வேறு' என்பதைக் கவனிக்க வேண்டும். தினமும் 'நீ தங்கம்' என்றால் சலிக்கத்தான் செய்யும். ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சம்பவத்தைத் தொட்டுச் சொன்னால் சலிக்க வழியில்லை, ஏனென்றால் சம்பவங்கள் தீர்ந்துபோவதில்லை. தள்ளிப்போட்டால்தான் கஷ்டம். ஆஸ்பத்திரியில் மனைவி கேட்ட கேள்வி அன்று இரவு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கும். பதினைந்து நாள் கழித்து 'அன்னைக்கு நீ ரொம்ப ஹெல்ப் பண்ணினே' என்று தேய்ந்துபோயிருக்கும். கல்யாண நாளுக்காகச் சேர்த்து வைக்கிற பாராட்டு பொதுவாகிப்போவது இதனால்தான்.

சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள முகத்தைப் படிக்கவெல்லாம் வேண்டாம், அடுத்து வரும் பேச்சைக் கேட்டால் போதும். 'தேங்க்ஸ்', 'சரி சரி', 'ஐஸ் வெக்காதீங்க' என்று வந்தால் பேச்சு முடிந்துவிட்டது. உங்கள் பாராட்டில் அவர் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. "அதுவா, அந்தச் சீட்டைப் பாத்ததும் எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துடுச்சு. அவருக்கும் இப்படித்தான் ரெண்டு மாத்திரையைச் சேத்துக் குடுத்து ஒரு தடவை பெரிய கலாட்டா ஆச்சு..." என்று அவர் ஆரம்பித்தால், இதுவரை உங்களுக்குத் தெரியாத ஒரு கதை வரப்போகிறது. அடுத்த முறை அவரைப் பற்றி இன்னும் சரியாகச் சொல்ல அதில் விஷயம் இருக்கும்.